இருபது மரத்தை எண்ணி 1,360 மரத்தின் குலைகளைச் சொல்வது எப்படி?

செம்பனைத் தோட்டத்தில் அடுத்த சில மாதங்களுக்கு எவ்வளவு பழம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு பழைய வழி இருக்கிறது. மரத்தில் இன்னும் பழுக்காமல் கறுப்பாக இருக்கும் காய்க்குலைகளை எண்ணுவார்கள். பூவில் மகரந்தம் சேர்ந்து குலை பழுக்க ஏறக்குறைய ஐந்தாறு மாதங்கள் ஆகும். ஆகவே இன்று மட்டைகளுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியும் கறுப்புக் குலைகள்தாம் வரும் மூன்று நான்கு மாதங்களில் லோரியில் ஏறப் போகின்றன. பெரிய தோட்டங்களில் கிராணியும் மண்டோரும் சேர்ந்து இந்தக் கணக்கை எடுப்பது வழக்கம். எல்லா மரங்களையும் எண்ண முடியாது என்பதால் சிலவற்றை மட்டும் எண்ணி, மொத்தத்தை ஊகிப்பார்கள்.

அந்த ஊகத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் அதே சில மரங்களை வைத்தே சொல்லிவிட முடியும். முதன்முறை கேட்பவருக்கு இது ஏமாற்று வேலை போலத் தோன்றும். என் மாமாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவருக்கு பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் 10 ஹெக்டேர் செம்பனை இருக்கிறது. 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கிய தென்னமரம் எஸ்டேட்டும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, செம்பனையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அங்கே எளிதில் நம்ப மாட்டார்கள். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கணக்கு சுலபமாக வர வேண்டும் என்பதற்காக எண்களை நானே அமைத்துக்கொண்டேன்.

முக்கோண நடவில் ஹெக்டேருக்கு 136 மரம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. பத்து ஹெக்டேருக்கு 1,360 நடவுக்குழிகள். அவை 34 நிரைகளாக, நிரைக்கு 40 மரமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்து எண்ண மூன்று நிமிடம் என்றால், எல்லாவற்றையும் எண்ணி முடிக்க 68 மணி நேரம் வேண்டும். இருபது மரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், நடக்கும் நேரம் தனி.

எந்த இருபது மரங்கள் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். பாதையோரத்து மரங்களையோ நல்ல மரங்களையோ நாமாகத் தேர்ந்தெடுத்தால் இனி வரும் கணக்கு எதுவும் செல்லாது. எல்லாக் குழிகளுக்கும் 1 முதல் 1,360 வரை எண் கொடுத்து, கணினி அட்டவணையில் இருபது எண்களைக் குலுக்கி எடுக்கலாம். ஏற்கெனவே வந்த எண்ணே மறுபடி வந்தால் அதை விட்டு இன்னொன்று எடுக்க வேண்டும்.

```
=RANDBETWEEN(1,1360)
```

857 என்று வந்தால், முதல் 21 நிரைகளில் 840 மரங்கள் போக, 22-ஆம் நிரையில் 17-ஆவது மரம். அங்கே போய் எண்ண வேண்டும். புதர் மண்டியிருந்தாலும், வாய்க்காலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தாலும் அதே மரம்தான்.

இருபது மரங்களிலும் எண்ணிய குலைகள் இவை:

5, 3, 4, 6, 2, 4, 0, 5, 4, 7, 3, 4, 5, 2, 6, 4, 3, 5, 1, 7

கூட்டினால் 80. சராசரி, மரத்துக்கு 4 குலை. மொத்தத்துக்கான மதிப்பீடு 1,360 × 4 = 5,440 குலைகள். இதுவரை பள்ளிக்கூடக் கணக்குதான். மாமாவுக்கும் இதில் சிக்கல் இல்லை. அவருடைய கேள்வி அடுத்ததில் வந்தது.

“வேறு இருபது மரங்கள் குலுக்கலில் வந்திருந்தால் 5,440 வந்திருக்காது. 4,900 வந்திருக்கலாம், 6,000 வந்திருக்கலாம். நீ எண்ணியதோ ஒரே தடவை. மறு தடவை எண்ணாமலேயே அது எவ்வளவு மாறும் என்று எப்படிச் சொல்கிறாய்?”

சரியான கேள்வி. இருபது மரங்களாகக் குலுக்கி எடுக்கும் வேலையை மறுபடி மறுபடி செய்து, ஒவ்வொரு தடவையும் மொத்தத்தை மதிப்பிட்டால், அந்த மதிப்பீடுகள் உண்மையான மொத்தத்தைச் சுற்றிச் சிதறும். அந்தச் சிதறலின் அளவுக்குத் திட்டப்பிழை என்று பெயர். அதை நேரடியாகப் பார்க்க வேண்டுமானால் பல தடவை எண்ண வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிதறல் எதனால் உண்டாகிறது என்று யோசித்தால், காரணங்கள் இரண்டே. அவற்றில் ஒன்று நம் கையில் உள்ள இருபது எண்களுக்குள்ளேயே தெரிகிறது. மற்றது நாமே முடிவு செய்தது.

முதல் காரணம், மரத்துக்கு மரம் இருக்கும் வேறுபாடு. தோட்டத்தில் எல்லா மரங்களிலும் சரியாக நான்கு குலைகள் இருந்தால், எந்த இருபதை எடுத்தாலும் 5,440 தான் வரும், திட்டப்பிழை சுழியம். ஒரு மரத்தில் ஒன்று, அடுத்ததில் ஒன்பது என்று தாறுமாறாக இருந்தால் மதிப்பீடும் தாறுமாறாக ஆடும். நம் தோட்டம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது? குலுக்கி எடுத்த இருபது மரங்கள் தோட்டத்தின் சராசரியைக் காட்டுகின்றன என்று நம்பினோம் அல்லவா? அதே நியாயத்தால் அவை தோட்டத்தின் வேறுபாட்டையும் காட்டுகின்றன. சராசரியை நம்பிவிட்டு வேறுபாட்டை மட்டும் நம்ப மாட்டேன் என்று சொல்ல நியாயம் இல்லை.

இரண்டாவது காரணம், எத்தனை மரங்களைச் சராசரியில் சேர்த்தோம் என்பது. ஒரு சிறு உதாரணம் போதும். தோட்டத்தில் பாதி மரங்களில் 2 குலை, பாதியில் 6 குலை என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் சராசரி 4. ஒரே ஒரு மரத்தை எண்ணினால் 2 அல்லது 6 வரும். எப்படியும் 2 குலை பிழை. இரண்டு மரங்களை எண்ணினால் சராசரி 2, 4, 4, 6 என்ற நான்கு வழிகளில் ஒன்றாக வரும். பாதித் தடவை, கூடுதலாக வந்த மரமும் குறைவாக வந்த மரமும் ஒன்றையொன்று ஈடுசெய்து பிழையே இல்லாமல் போகிறது. விலகல்களின் வர்க்கச் சராசரி (4 + 0 + 0 + 4) ÷ 4 = 2, அதன் வர்க்கமூலம் 1.41. நான்கு மரங்களை எண்ணினால் இது 1 ஆகிவிடும். அதாவது எண்ணிக்கை நான்கு மடங்கானால் பிழை பாதியாகிறது. பிழை, எண்ணிய மரங்களின் எண்ணிக்கைக்கு அல்ல, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது.

இந்த இரண்டையும் சேர்த்தால் முடிந்தது. மரத்துக்கு மரம் உள்ள வேறுபாட்டை வர்க்கமூலம் 20 ஆல் வகுத்தால் சராசரியின் திட்டப்பிழை. அதை 1,360 ஆல் பெருக்கினால் மொத்தத்தின் திட்டப்பிழை. ஒரு மரத்துக்கு அரைக் குலை தவறினால் தோட்டம் முழுவதற்கும் 680 குலை தவறும் என்பதால்தான் இந்தப் பெருக்கல்.

நம் எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு மரத்தின் எண்ணிலிருந்தும் சராசரி 4-ஐக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். முதல் மரம் 5, விலகல் 1, வர்க்கம் 1. ஏழாவது மரம் 0, விலகல் −4, வர்க்கம் 16. இப்படி இருபதையும் கூட்டினால் 66 வரும். இதை 20 ஆல் அல்ல, 19 ஆல் வகுக்கிறோம். உண்மைச் சராசரி நமக்குத் தெரியாது. விலகலை அளக்க இதே இருபது எண்களின் சராசரியைத்தான் பயன்படுத்தினோம். அந்தச் சராசரி தன் எண்களுக்கு நடுவில் வாகாக உட்கார்ந்திருப்பதால் விலகல்கள் உண்மையைவிடச் சற்றுச் சிறியவையாகத் தெரியும். ஒன்றைக் குறைத்து வகுப்பது அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது.

66 ÷ 19 = 3.474. வர்க்கமூலம் 1.864. இதுதான் திட்டவிலக்கம். மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இரண்டு குலை என்று பொருள். வர்க்கமூலம் 20, அதாவது 4.472 ஆல் வகுத்தால் 0.417. இது சராசரியின் திட்டப்பிழை. 1,360 ஆல் பெருக்கினால் 567 குலைகள்.

திட்டவிலக்கமும் திட்டப்பிழையும் பெயரில் நெருக்கமாக இருப்பதால் புதியவர்கள் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டுவிடுவார்கள். எது எது என்று அடையாளம் காண ஒரு வழி உண்டு: இன்னும் நிறைய மரங்களை எண்ணினால் திட்டவிலக்கம் 1.9 பக்கத்திலேயே நிற்கும், ஏனென்றால் அது தோட்டத்தின் குணம். திட்டப்பிழை குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் அது நம் மதிப்பீட்டின் குணம்.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. 1,360 மரங்களில் இருபதை ஏற்கெனவே எண்ணிவிட்டோம், அவற்றில் ஊகம் இல்லை. மீதி 1,340 மரங்களில்தான் சந்தேகம். அதனால் திட்டப்பிழையை √(1 − 20/1360) ஆல் பெருக்க வேண்டும். அது 0.993. 567 என்பது 563 ஆகிறது. இங்கே பெரிய மாற்றம் இல்லை. தோட்டத்தில் கால்வாசியை எண்ணியிருந்தால் திட்டப்பிழை 13 விழுக்காடு குறைந்திருக்கும், அப்போது விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் எண்ணினால் இந்தத் திருத்தம் சுழியமாகி, திட்டப்பிழையும் சுழியமாகும்.

இனி இடைவெளி, அதாவது உண்மையான மொத்தம் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை இருக்கலாம் என்று சொல்லும் வரம்பு. எண்ணிய மரங்களாகிய மாதிரி பெரிதாக இருந்தால் மதிப்பீட்டின் இருபுறமும் 1.96 திட்டப்பிழை தூரம் போனால் 95 விழுக்காட்டு இடைவெளி கிடைக்கும். நம்மிடம் இருப்பது இருபது மரங்கள். திட்டவிலக்கத்தையே அந்த இருபதிலிருந்துதான் ஊகித்தோம், அதுவும் கொஞ்சம் தவறியிருக்கலாம். இதற்கு ஈடாக இடைவெளியை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டியவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்கும் சில அளவுகளை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டிய நிலைமைதான். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். அவர் வழியில் வந்த t அட்டவணையில், இருபதில் ஒன்று குறைத்த 19 என்ற வரிசையில் 95 விழுக்காட்டுக்கு 2.093 இருக்கிறது. மாதிரி சிறிதாகச் சிறிதாக இந்த எண் பெருகும். பெரிதானால் 1.96-ஐ நெருங்கும்.

2.093 × 563 என்பது ஏறக்குறைய 1,178. ஆகவே 5,440 இலிருந்து இருபுறமும் 1,178 தள்ளினால், 4,262 முதல் 6,618 வரை. இதுதான் மொத்தக் குலைகளுக்கான 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி.

எண்களை A1 முதல் A20 வரை எழுதி வைத்தால் கணினி அட்டவணையில் மூன்றே வரிகள்:

```
=1360*AVERAGE(A1:A20)
=1360*STDEV.S(A1:A20)/SQRT(20)*SQRT(1-20/1360)
=T.INV.2T(0.05,19)
```

இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் இருபுறமும் தள்ள வேண்டிய அளவு. STDEV.P என்று போட்டுவிடாதீர்கள். அது 19-க்குப் பதில் 20 ஆல் வகுக்கும். முழுத் தொகுதியும் கையில் இருக்கும்போது பயன்படுவது அது.

மாமா இதைக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் உண்மையான மொத்தம் 4,262-க்கும் 6,618-க்கும் நடுவில் இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு, அப்படித்தானே?” என்றார். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள், செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. கறாராகப் பார்த்தால் அது சரியில்லை. உண்மையான மொத்தம் இந்த நேரத்தில் தோட்டத்தில் நிற்கும் ஒரே எண். அது ஆடுவதில்லை. ஆடுவது நம் இடைவெளி. குலுக்கல் வேறாக வந்திருந்தால் இடைவெளியும் வேறிடத்தில் விழுந்திருக்கும். இதே முறையில் நூறு பேர் தனித்தனியாகக் குலுக்கி, தனித்தனியாக இடைவெளி போட்டால், அவர்களில் ஏறக்குறைய 95 பேரின் இடைவெளிக்குள் உண்மை எண் இருக்கும், ஐந்து பேர் தவறவிடுவார்கள். நம்முடையது அந்த ஐந்தில் ஒன்றா என்பது நமக்குத் தெரிய வழியில்லை. 95 என்பது முறைக்குக் கிடைத்த மதிப்பெண். 1930-களில் புள்ளியியலாளர் யெர்சி நேமன் இந்தக் கருத்தை வகுத்தபோது சொன்னதும் இதுவே.

“அகலம் அதிகம்” என்பது மாமாவின் அடுத்த குறை. நியாயம்தான். 4,262-க்கும் 6,618-க்கும் இடையில் என்று சொன்னால் லோரிக்காரர் சிரிப்பார். எவ்வளவு எண்ணினால் எவ்வளவு சுருங்கும்? எண்பது மரங்கள் எண்ணியிருந்து, மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடும் இதே அளவில் இருந்தால், திட்டப்பிழை ஏறக்குறைய 275. அட்டவணை எண்ணும் 1.99 ஆக இறங்கும். இருபுறமும் 547. நான்கு மடங்கு உழைப்புக்குப் பாதிக்கும் சற்றுக் குறைந்த அகலம். மறுபடி பாதியாக்க, அந்தச் சின்னத் திருத்தமும் கைகொடுப்பதால், ஏறக்குறைய 270 மரங்கள்வரை போக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பது கணக்கு சொல்லும் விஷயம் இல்லை. தவறினால் எவ்வளவு வெள்ளி நட்டம் என்று தெரிந்தவர் சொல்ல வேண்டியது.

இனிமேல்தான் நான் அதிகம் சொல்ல விரும்புவது. இந்தச் சூத்திரம் எந்த இருபது எண்களைக் கொடுத்தாலும் ஒரு விடையைக் கொடுத்துவிடும். எண்கள் எப்படி வந்தன என்று அது கேட்காது.

தோட்டத்தில் குலுக்கல் எண்ணைத் தேடி அங்கும் இங்கும் நடப்பது யாருக்கும் பிடிப்பதில்லை. “ஐந்து நிரைகளைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொரு நிரையிலும் நான்கு மரங்களை எண்ணினால் என்ன? இருபது மரம்தானே?” என்பார்கள். செய்யலாம், தவறில்லை. தவறு அதற்குப் பிறகு வருகிறது. அப்படி எண்ணியபோதும் மேலே சொன்ன அதே இருபது எண்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். நிரைவாரியாக இப்படி:

முதல் நிரை 0, 2, 3, 3. இரண்டாம் நிரை 1, 4, 3, 4. மூன்றாம் நிரை 2, 4, 5, 5. நான்காம் நிரை 4, 5, 4, 7. ஐந்தாம் நிரை 5, 6, 6, 7.

சராசரி அதே 4, மொத்தம் அதே 5,440. எண்களை அப்படியே கணினியில் கொட்டினால் திட்டப்பிழையும் அதே 563 என்று சொல்லும். ஆனால் எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே நிரையில் நிற்கும் மரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் போகும் நிரையில் எல்லாம் குறைவு, நல்ல மண்ணில் போகும் நிரையில் எல்லாம் கூடுதல். முதல் நிரையின் ஒரு மரத்தைப் பார்த்தபோதே அடுத்த மூன்றும் சுமாராகத்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அவை புதிதாக அதிகம் எதையும் சொல்லவில்லை. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று முன்பு பார்த்தோமே, அது ஒரு நிரைக்குள் நடக்கவில்லை.

குலுக்கலில் விழுந்தது மரம் அல்ல, நிரை. எனவே கணக்கும் நிரையை வைத்துத்தான். ஐந்து நிரைகளின் சராசரிகள் 2, 3, 4, 5, 6. இவற்றின் விலகல் வர்க்கங்கள் 4, 1, 0, 1, 4. கூட்டினால் 10. நான்கால் வகுத்தால் 2.5, வர்க்கமூலம் 1.58. இதை வர்க்கமூலம் 5 ஆல் வகுத்தால் 0.707. 1,360 ஆல் பெருக்கினால் திட்டப்பிழை 962. ஐந்தே அலகுகள் என்பதால் அட்டவணை எண்ணும் 2.776 ஆக ஏறுகிறது. இருபுறமும் ஏறக்குறைய 2,670. இடைவெளி 2,770 முதல் 8,110 வரை. முன்பு பார்த்த சின்னத் திருத்தத்தை இங்கே விட்டிருக்கிறேன். அது இருந்தாலும் கதை மாறாது.

எண்கள் அதே இருபது, இடைவெளியின் அகலமோ இரண்டு மடங்குக்கும் மேல். இருபது மரம் எண்ணிய களைப்பு இருக்கிறது, கிடைத்த தகவலோ குலுக்கலாக ஏழு மரம் எண்ணியதற்குச் சமம். நிரையாக எண்ணத்தான் வேண்டும் என்றால், ஐந்து நிரைகளில் நான்கு மரம் என்பதைவிட இருபது நிரைகளில் ஒரு மரம் மேல். உங்கள் தோட்டத்தில் இந்தச் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க நிரைச் சராசரிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். நிரைகளுக்கு இடையில் உள்ள வேறுபாடு, ஒரு நிரைக்குள் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிடும்போது பெரிதாகத் தெரிந்தால், மரக் கணக்கில் வந்த திட்டப்பிழையை நம்பக் கூடாது.

அடுத்தது அந்தச் சுழியம். ஏழாவது எண்ணாக வந்த குழியில் மரமே இல்லை. அடித்தண்டு அழுகி விழுந்துவிட்டது, கானோடெர்மா பூஞ்சை இங்கே அடிக்கடி செய்யும் வேலை. எண்ணப் போனவர் “இங்கே மரம் இல்லை” என்று அதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மீதி 19 மரங்களின் சராசரி 4.21. அதை 1,360 ஆல் பெருக்கினால் 5,726. ஒரே ஒரு வெற்றுக்குழியை விட்டதால் 286 குலைகள் கூடுதலாகத் தெரிகின்றன. 1,360 என்ற எண்ணில் வெற்றுக்குழிகளும் அடக்கம் என்பதால், மாதிரியில் வரும் வெற்றுக்குழிக்கும் சுழியம் போட வேண்டும். வெற்றுக்குழியை விட விரும்பினால், உயிரோடு நிற்கும் மரங்கள் எத்தனை என்று தனியாகத் தெரிந்திருக்க வேண்டும், அந்த எண்ணால்தான் பெருக்க வேண்டும்.

இதில் விஷமமான பகுதி இன்னொன்று. சுழியத்தை விட்டதும் எண்களின் வேறுபாடு குறைந்து, திட்டப்பிழை 512 ஆக இறங்கிவிடுகிறது. தவறான விடை, சரியான விடையைவிடத் துல்லியமானது போல வேடம் போடுகிறது. திட்டப்பிழை சிறிதாக வந்தால் மகிழ்வதற்கு முன்பு, எந்த எண் விடுபட்டது என்று பார்ப்பது நல்லது.

எண்ணுபவரின் கண்ணும் இந்தக் கணக்கில் வராது. மட்டைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குலையை ஒருவர் பார்ப்பார், ஒருவர் பார்க்க மாட்டார். மாதிரியில் வெற்றுக்குழி இல்லை என்று வைத்துக்கொண்டால், எல்லா மரத்திலும் ஒன்று குறைவாக எண்ணுபவரின் இருபது எண்களும் ஒரே அளவு கீழே இறங்கும். வேறுபாடு அப்படியே இருக்கும், திட்டப்பிழையும் அப்படியே இருக்கும், மொத்தம் மட்டும் 1,360 குலைகள் குறையும். வங்காளத்தில் 1930-களின் பிற்பகுதியில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி முறையில் அளக்கத் தொடங்கிய புள்ளியியலாளர் மகலனோபிஸ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகளைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்து, இரண்டு குழுக்களிடம் கொடுப்பார். இரண்டு குழுக்களின் மதிப்பீடுகளும் குலுக்கலால் வரக்கூடியதைவிட அதிகமாக விலகி நின்றால், ஆட்களால் வந்த பிழை என்று தெரிந்துவிடும். மாமாவின் தோட்டத்தில் அவர் பத்து மரம், அவர் மகன் பத்து மரம் என்று குலுக்கிப் பிரித்துக்கொண்டால் இதே சோதனை கிடைக்கும். ஆனால் இருவரும் சேர்ந்தே சின்னக் குலைகளைத் தவறவிட்டால் அதை இந்த முறையும் காட்டிக் கொடுக்காது. அதற்கு அறுவடைக்குப் பிறகு உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஆலைக்காரருக்குக் குலையின் எண்ணிக்கை வேண்டாம், எடைதான் வேண்டும். இளமரங்கள் என்பதால் குலைக்கு 12 கிலோ என்று பிடித்தால் 5,440 குலைக்கு 65,280 கிலோ, அதாவது 65 டன் சொச்சம். எண்ணிக்கையின் இடைவெளியை 12 ஆல் பெருக்கி 51 முதல் 79 டன் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த 12 கிலோ எங்கிருந்து வந்தது? அதுவும் சில குலைகளை நிறுத்து எடுத்த சராசரிதான். குலுக்கி எடுத்த முப்பது குலைகளை நிறுத்ததில் திட்டவிலக்கம் 4 கிலோ வந்தது என்றால், சராசரி எடையின் திட்டப்பிழை 4 ÷ √30 = 0.73 கிலோ. இது 12-இல் 6.1 விழுக்காடு. குலை எண்ணிக்கையின் திட்டப்பிழை 563, அது 5,440-இல் 10.3 விழுக்காடு.

இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று சாராமல் எடுக்கப்பட்டவை என்றால், பெருக்கி வரும் எடையின் பிழையை அறிய இந்த விழுக்காடுகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: √(10.3² + 6.1²), ஏறக்குறைய 12 விழுக்காடு. 65 டன்னில் 12 விழுக்காடு 7.8 டன். சுமார் இரண்டு மடங்கு தள்ளினால் 50 முதல் 81 டன் வரை. 6.1-ஐச் சேர்த்தும் 10.3 என்பது 12 ஆக மட்டுமே ஏறியதைக் கவனியுங்கள். பெரிய பிழைதான் ஆளுகிறது. மாமா இன்னும் ஒரு மணி நேரம் செலவிடத் தயார் என்றால், அதைத் தராசுப் பக்கம் செலவிடாமல், இன்னும் இருபது மரங்களைக் குலுக்கி எடுத்து எண்ணுவதில் செலவிடலாம்.